குறைந்த சம்பளத்துக்கு வரத் தயாராக இருந்தவர்

போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் மனிதவளப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். அறுபது வயதுக்குப் பிறகும் ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து தினமும் கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து, கொமுட்டர் ரயிலில் கடைசி நிலையம்வரை போவேன். ஆட்களை வேலைக்கு எடுப்பதும் சம்பளம் பேசி முடிப்பதும் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். எப்படி வாங்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

படிப்பு முடித்து முதல் வேலைக்கு வருகிறவர்களிடம் சம்பளம் பேசுவது சுலபம். பாரத்தில் 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர்கள் ஓர் எண்ணை எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அழித்த தடம் முக்கியம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். வேறு எங்காவது ஆஃபர் இருக்கிறதா? இருக்கிறது என்று சொல்கிறவரிடம் கவனமாகப் பேச வேண்டும். இல்லை என்று சொல்கிறவரிடம் பேசவே வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

ஒரு நாள் அப்படிச் சும்மா இருந்தும் ஓர் ஆள் இறங்கி வரவில்லை. அன்றைக்கு என் வாயிலிருந்து தானாக ஒரு பொய் வந்தது. இந்த வேலைக்கு இன்னொருவரும் இருக்கிறார், ஷா ஆலமிலிருந்து வருகிறவர், உங்களைவிடக் குறைவாகத்தான் கேட்கிறார் என்றேன். எதிரில் இருந்தவர் முகம் மாறியது. ஐந்து நிமிடத்தில் நான் சொன்ன தொகைக்குக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அந்த இன்னொருவரை நான் விடவில்லை. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் பதில் வேண்டுமே, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு உருவம் கொடுத்தேன். கண்ணாடி போட்டவர். மோட்டார் சைக்கிளில் வருவார். திங்கட்கிழமையே வேலையில் சேரத் தயார். அவருக்கென்று ஒரு பழுப்புக் கோப்பும் வைத்திருந்தேன். உள்ளே வெற்றுத் தாள்கள். பேசும்போது அதை என் முழங்கைக்கு அருகில் வைத்துக்கொள்வேன். வந்தவர்களின் கண் என் முகத்தைவிட அதன்மேல்தான் அதிகம் இருக்கும். பல வருடங்கள் அந்த ஆள் எனக்காக உழைத்தார். ஒரு ரிங்கிட், ஒரு வெள்ளி சம்பளம் வாங்கவில்லை.

நேர்முகத் தேர்வு நடக்கும் அறை கிடங்கின் இரண்டாம் மாடியில் இருந்தது. சன்னல் கிடையாது. பக்கத்து அறையில் கணினிச் சாதனங்கள் இருந்ததால் ஏர்கான் எப்போதும் கடுங்குளிரில் ஓடும், நம்மால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கீழே லோரிகள் பின்னால் வரும்போது எழுப்பும் பீப் ஒலி சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். அந்த அறையில் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் மூன்றாவதாக ஒருவர் மூச்சு விடுவதுபோல் கேட்கும். ஏர்கான் குழாய்தான். எனக்குத் தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களைப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. புதிதாகப் பட்டம் வாங்கியவராக இருக்கலாம், மூவாயிரத்து இருநூறு வெள்ளிவரை கொடுக்கலாம் என்று முதலாளி மின்னஞ்சலில் அனுமதி தந்திருந்தார். அனுமதித்த தொகைக்கு எவ்வளவு கீழே முடிக்கிறேனோ அவ்வளவு எனக்குப் பெருமை. அதற்காகத் தனியாகக் காசு ஒன்றும் கிடைக்காது. பெருமை மட்டும்தான்.

வந்தவள் கிள்ளானைச் சேர்ந்த பெண். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ் படித்தவள். படிப்பின் பகுதியான பிராக்டிகல் பயிற்சியை இதே துறைமுகப் பகுதியில் இன்னொரு பார்வர்டிங் கம்பெனியில் செய்திருந்தாள். சுங்கத்துக்குக் கொடுக்கும் கே-ஒன் பாரத்தைத் தானே நிரப்பியிருந்தாள். எங்கள் செயல்பாட்டுப் பிரிவின் சூப்பர்வைசரும் அவளைப் பார்த்துப் பேசிவிட்டு, "அண்ணே, இந்தப் பிள்ளைய விட்டுறாதீங்க லா, வந்த அன்னிக்கே வேலைய ஆரம்பிச்சிரும்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டத்தில் அவள் மூவாயிரத்து நூறு என்று எழுதியிருந்தாள். அழித்த தடமே இல்லை. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இல்ல சார். வேற ஆஃபர் எதுவும் இல்ல."

அதைச் சொல்லும்போது குரல் தாழவில்லை. மூவாயிரத்து நூறு எப்படி வந்தது என்று கேட்டேன். இந்தப் பகுதியில் இதே வேலைக்கு வந்த விளம்பரங்களைப் பார்த்தாளாம், முன்பே வேலைக்குப் போன இரண்டு சீனியர்களிடம் கேட்டாளாம். இரண்டாயிரத்து எழுநூறிலிருந்து மூவாயிரத்து முந்நூறுவரை போகிறது, தனக்குப் பாரம் நிரப்பிய அனுபவம் இருப்பதால் மேல்பக்கமாகக் கேட்கிறேன் என்றாள். அவள் கணக்கு சரியாக இருந்தது. என் மேசை இழுப்பறையில் இருந்த எண்களும் அவையே.

இரண்டாயிரத்து ஐந்நூறு தரலாம் என்றேன். பிறகு கோப்பின்மேல் கையை வைத்து அந்த இன்னொருவரை, கண்ணாடி போட்ட ஷா ஆலம்காரரைப் பற்றிச் சொன்னேன். இரண்டாயிரத்து நானூறுக்கே வரத் தயார், திங்கட்கிழமையே சேருவார்.

அவள் கோப்பைப் பார்த்தாள். "அவருக்கும் கே-ஒன் தெரியுமா சார்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் தலையாட்டினாள். "நல்லது சார். அவரப் பத்தி எனக்குத் தெரியாது. என்னால என்ன செய்ய முடியும்னு மட்டும் சொல்றேன்" என்று தொடங்கி, பிராக்டிகலின்போது ஒரு சரக்கு தவறான சுங்க வகை எண்ணில் அறிவிக்கப்பட இருந்ததைத் தான் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நானும் பேசவில்லை. இதுதான் என் இடம். இந்த இடத்தில் எல்லாரும் தாமாகவே இறங்கி வருவார்கள். சார், ரெண்டாயிரத்து எண்ணூறு குடுத்தாலும் பரவால்ல. சார், நீங்க பாத்துக் குடுங்க. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே லோரியின் பீப் ஒலி நின்றது. குழாய் மூச்சுவிட்டது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. என் விரல் நுனிகள் குளிரில் மரத்துப்போயின. ஒரு கட்டத்தில் அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்க்கிறாள் என்று தோன்றியது. நானும் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

முதலாளியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கேட்க ஒன்றுமில்லை, அனுமதி என் கையில்தான் இருந்தது. ஆளைத் தனியாக விட்டு உருக வைப்பதும் என் பழக்கம். காவலாளியின் அறைக்குப் போய் அங்கிருந்த கேமரா திரையில் பார்த்துக்கொண்டு நின்றேன். கோப்பைத் திறந்து பார்ப்பாளோ என்று பயமாக இருந்தது. திரையில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் போகும்போது இடித்ததில் கோப்பு மேசை விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அவள் அதை நேராக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். திறக்கவில்லை. அடுத்தவருடைய சான்றிதழ்கள் உள்ளே இருப்பதாக நம்பினாள். அவ்வளவு மரியாதையோடு அந்த வெற்றுத் தாள்களை யாரும் தொட்டதில்லை.

அப்போதே நான் உள்ளே போய் மூவாயிரத்து நூறு என்று சொல்லியிருக்கலாம். நூறு வெள்ளி மிச்சம் என்று முதலாளியிடம் பெருமையும் அடித்திருக்கலாம். நான் போய் இரண்டாயிரத்து அறுநூறு, அதுதான் முடிவு என்றேன்.

அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். ஆஃபர் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா, படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றாள். முதல் வேலைக்கு வருகிறவர்களில் இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. பார்க்கலாம் என்றேன். கடிதத்தை அனுப்பவில்லை.

மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு அழைத்தாள். இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்குச் சேருகிறேன், தகுதிகாண் மூன்று மாதம் முடிந்ததும் மூவாயிரத்து நூறாக்குவதைக் கடிதத்திலேயே எழுதித் தந்தால் போதும் என்றாள். நியாயமான பேச்சு. நான் எழுதி வைத்திருந்த நடைமுறைகளுக்கும் ஒத்த பேச்சு. ஆனால் முந்தைய நாள் அந்த அறையில் அவள் இறங்கி வராதது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரு முறை பயமுறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"அவரு நேத்து சாயங்காலமே சரின்னுட்டாரும்மா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் பதறுவாள், சார் ரெண்டு ஐநூறுக்கே வரேன் என்பாள், நான் யோசிப்பதுபோல் நடித்து ஒத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தேன்.

"ஓ. சரி சார். அவருக்கு என் வாழ்த்தச் சொல்லிடுங்க. டைம் குடுத்ததுக்கு நன்றி சார்" என்றாள். தொடர்பு அறுந்தது.

இல்லாத ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டேன்.

திரும்ப அழைத்திருக்கலாம். அழைக்க மனம் வரவில்லை. என்ன சொல்வது? சூப்பர்வைசர் வந்து அந்தப் பிள்ளை எப்போது வருகிறது என்று கேட்டபோது, வேறொருவர் முடிவாகிவிட்டார், ஷா ஆலம்காரர், திங்கட்கிழமை வருகிறார் என்றேன். அவருக்கு ஏமாற்றம். இருந்தாலும் நல்ல மனிதர். மேசையைத் துடைக்கச் சொல்லி, கணினி கேட்டு வாங்கி வைத்தார். கதவைத் திறக்கும் அட்டையையும் பதிவு செய்து என்னிடம் கொடுத்தார். நான் அதை என் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

திங்கட்கிழமை போனது. அடுத்த திங்கட்கிழமையும் போனது. பழைய கம்பெனியில் நோட்டீஸ் முடியவில்லையாம் என்று சூப்பர்வைசரிடமும் முதலாளியிடமும் சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே அந்த மேசை தயாராக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, சாப்பாட்டுப் பொட்டலம்கூட வைக்கவில்லை. அதைக் கடக்கும்போது எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி நடப்பதாக எனக்குப்பட்டது.

ஒரு நாள் காலை சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, உங்காளு வந்துட்டுப் போயிட்டாரா? நாற்காலிய யாரோ அவ்ளோ உயரத்துக்கு ஏத்தி வச்சிருக்காங்க. நெட்டையான ஆளோ?" துப்புரவுக்காரர் தொட்டிருப்பார் என்றேன். அவர் தோளைக் குலுக்கினார்.

அதே வாரம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், "அங்கிள், ஷா ஆலம்காரர் லிப்ட் பக்கத்துல நின்னாரே, பாத்தீங்களா? கண்ணாடி போட்டவரு. உக்காரச் சொன்னேன், பரவால்லன்னுட்டாரு" என்றாள். அவளிடம் நான் கண்ணாடியைப் பற்றிச் சொன்னதில்லை. கொரியர்காரராக இருக்கலாம். கண்ணாடி போட்டவர்கள் ஷா ஆலமில் ஆயிரம் பேர் இருப்பார்கள். லிப்ட் பக்கம் போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

மாதக் கடைசியில் வருகைப் பதிவை அச்செடுப்பது என் வேலை. பெயர் எழுதாத ஒரு வரி இருந்தது. புதிய அட்டையின் எண். பதினொரு வேலை நாட்கள், தினமும் காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு உள்ளே நுழைந்ததாகப் பதிவு. வெளியே போனதாக ஒரு நாள்கூட இல்லை. இழுப்பறையைத் திறந்தேன். அட்டை பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அங்கேயே கிடந்தது. கதவுச் சாதனத்தைப் பராமரிக்கும் ஆளைப் போனில் கேட்டேன். சில சமயம் இரண்டு அட்டைக்கு ஒரே எண் விழுந்துவிடும், வந்து பார்க்கிறேன் என்றார். அப்படித்தான் இருக்கும். நான் படித்தவன், பேய் என்று எழுதவில்லை. ஆனால் அவர் வந்து பார்க்கும்படி நான் மறுபடி கூப்பிடவுமில்லை. அந்த இன்னொரு அட்டை யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டு மாதம் ஆனதும் முதலாளி பொறுமை இழந்தார். அந்த ஆள் வரவில்லையென்றால் வேறு ஆளை எடு என்றார். அன்று பிற்பகல் அந்தப் பெண்ணை அழைத்தேன். பின்னணியில் பொட்டலங்களின் ஸ்கேனர் ஒலி கேட்டது. ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது என்றாள். ஆவண வேலை என்றுதான் எடுத்தார்கள், பாதி நாள் பெட்டி எண்ணுகிறேன் என்று சிரித்தாள். எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டாயிரத்து முந்நூறு சார்."

ஏன் அவ்வளவு குறைவாகக் கேட்டாய் என்றேன். நான் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. அவள் கோபமில்லாமல் விளக்கினாள்.

"நீங்க சொன்னீங்கள்ல சார், ஷா ஆலம்ல ஒருத்தர் ரெண்டாயிரத்து நானூறுக்கே வரத் தயாருன்னு. கே-ஒன் எல்லாம் தெரிஞ்சவரு. அப்ப இங்க மார்க்கெட் அவ்ளோதான் போலன்னு நெனச்சேன். மறுபடி அவருகிட்டத் தோத்துறக் கூடாதுன்னு நூறு கொறச்சுக் கேட்டேன். திங்கக்கிழமையே சேந்துக்கிறேன்னும் சொன்னேன்."

அலுவலகத்தில் அப்போது எல்லாரும் இருந்தார்கள். பட்டப்பகல். இருந்தும் என் கழுத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து கேட்பதுபோல் இருந்தது. ஷா ஆலமில், குறைந்த சம்பளத்துக்கு, திங்கட்கிழமையே வரத் தயாராக ஓர் ஆள். பல வருடங்களாக நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒருவரை அங்கே உட்கார வைத்துவிட்டேன். அவள் தினமும் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறாளாம். கேட்காமலே சொன்னாள்.

"அவரு என்ன ஆனாரு சார்?" என்று அவள் கேட்டாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசை. வரவில்லை, வேறு இடம் போய்விட்டார் என்றேன்.

"பாவம்" என்றாள்.

உன் மூவாயிரத்து நூறுக்கே வா என்றேன். தகுதிகாண் காலம் என்பதால் இரண்டு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள், குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அத்தோடு வைத்திருக்க வேண்டும். இருபது வருடப் பழக்கம், வேறு கம்பெனியிலிருந்து வருகிற எவரிடமும் கடைசியாகச் சொல்கிற வாக்கியம் நாக்கிலிருந்து தானாக வழுக்கி வந்தது.

"கடைசி பே ஸ்லிப்ப ஆபீஸ் ஈமெயிலுக்கு அனுப்பிடும்மா."

ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டாள். எங்கள் குமாஸ்தா அதை வழக்கம்போல் கோப்பில் சேர்த்து முதலாளிக்கு அனுப்பினாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். இரண்டாயிரத்து முந்நூறு வாங்குகிற பெண்ணுக்கு எதற்கு மூவாயிரத்து நூறு? வேறு இடத்திலிருந்து வருபவருக்குப் பழைய சம்பளத்துக்கு மேல் பதினைந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறதே? இருக்கிறது. எழுதியவன் நான். அவளுக்கு அங்கே ஒரு மாதம்தான் ஆகிறது, முன்பு அனுமதித்த தொகை இருக்கிறதே என்றெல்லாம் வாதாடினேன். அவ்வளவு குறைவாக ஏன் போனாள், வேறு யாரும் கூப்பிடவில்லைதானே என்றார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்து என்று கடிதம் போயிற்று.

அவள் அழைத்து, சார் நீங்க வேற தொகை சொன்னீங்களே என்றாள். மேலிடத்து விதிம்மா என்றேன். அதற்குள் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன் சார் என்றாள். வந்து சேர்ந்தாள். தயாராக இருந்த அந்த மேசையில் உட்கார்ந்தாள். நாற்காலியை இறக்கிக்கொண்டாள்.

வேலை நன்றாகச் செய்தாள். ஒரு வருடம் கழித்து வந்த சம்பள உயர்வு நான்கு சதவீதம், எல்லாரையும்போல. மற்றவர்களுடைய நான்கு சதவீதம் வேறு, இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்தின் நான்கு சதவீதம் வேறு. அந்தக் கடிதங்களை நான்தான் கையில் கொடுத்தேன். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது.

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். மொதல்ல வந்தப்ப மூவாயிரத்து நூறு கேட்டேன். அப்ப அவ்ளோ பட்ஜெட் இருந்துச்சா?"

இருந்தது, மூவாயிரத்து இருநூறுவரை இருந்தது என்றேன்.

"அந்த ஷா ஆலம்காரரு?"

"அப்படி ஒருத்தர் இல்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. முதலில் ஏதோ பழைய சந்தேகம் தீர்ந்ததுபோல் இருந்தது. பிறகு நிறம் மங்கிப்போனது. "நான் அவர நெனச்சு எத்தன நாள் தூங்கல தெரியுமா சார்" என்றாள். "என்னோட வேலைய எடுத்துக்கிட்டு வராமப் போன ஆளுன்னு. ஷா ஆலம்ல கண்ணாடி போட்ட யாரப் பாத்தாலும் இவரா இருக்குமோன்னு பாப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கையால் ஒதுக்கினாள்.

"அத எழுதிக் குடுங்க சார். எவ்ளோ அப்ரூவ் ஆச்சு, வேற யாரும் இல்ல, நான் ஏன் ரெண்டு முந்நூறுக்குப் போனேன். எல்லாம்."

முப்பது வருடப் பெயர், இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. ஆனால் எழுதினேன். மூவாயிரத்து இருநூறுக்கு அனுமதி தந்த பழைய மின்னஞ்சலையும் அச்செடுத்துச் சேர்த்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். தேதி போடச் சொன்னாள். போட்டேன். முதலாளியைப் பார்க்க மேல்மாடிக்குப் போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். நான் இருக்கையைவிட்டு எழவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மூவாயிரம், ஆறு மாதத்தில் மூவாயிரத்து இருநூறு, எழுதி வாங்கிவிட்டேன் என்றாள். கடந்துபோன மாதங்களுக்கு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். வேறு எங்காவது ஆஃபர் வைத்திருக்கிறாயா என்று அவரும் கேட்டாராம்.

"இல்லன்னுதான் சொன்னேன் சார். இல்லதானே."

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"இதுமாதிரி எத்தன பேருக்கு சார்?"

தெரியவில்லை என்றேன். அது பொய்யல்ல. ஓய்வு பெற்றபின் ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். யார் வந்தார்கள், முதலில் எவ்வளவு எழுதியிருந்தார்கள், எவ்வளவுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பத்தொன்பது பேர்வரை வந்தது. அதற்குமேல் முகங்கள் மட்டும் வருகின்றன, எண்கள் வரவில்லை. அவர்களில் பலர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே போயிருந்தாலும் போன இடத்தில் யாரோ அவர்களிடம் கடைசி பே ஸ்லிப்பைக் கேட்டிருப்பார்கள். பத்தொன்பது பேரில் நால்வரின் முகவரி கிடைத்தது. அவர்களுக்கு இதையே சுருக்கி எழுதி அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அந்த இன்னொருவரின் வேலையைத் தான் எடுத்துவிட்டதாக நினைத்து, இத்தனை வருடமும் அவருக்காகப் பரிதாபப்பட்டதாக எழுதியிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை.